கதவு ஏழடி, கார் ஐந்தடி: வீட்டின் அளவைச் சொல்லும் மூன்று சாட்சிகள்

வீடு கட்டத் தொடங்குகிறவர்களில் பலர் இப்போது அஸ்திவாரம் தோண்டும் முன்பே தங்கள் வீட்டைப் பார்த்துவிடுகிறார்கள். பொறியாளர் அனுப்பும் ‘3டி எலிவேஷன்’ படம் வாட்ஸ்அப்பில் வந்து, சொந்தபந்தம் முழுக்கச் சுற்றுகிறது. பெயின்ட் நிறம் சரியா, முகப்பில் கல் பதிக்கலாமா, மாடிக்குக் கண்ணாடிக் கைப்பிடி வேண்டுமா என்றெல்லாம் விவாதம் நடக்கும். வீடு எவ்வளவு பெரியது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. அதுதான் படத்திலேயே தெரிகிறதே என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறோம்.

ஆனால் கட்டடத்தின் அளவு படத்தில் தானாகத் தெரிவதே இல்லை. நான்கு சுவரையும் ஒரு கூரையையும் வெறுமனே வரைந்து வைத்தால் அது எட்டடிக் கொட்டகையா, எண்பதடி மண்டபமா என்று யாராலும் சொல்ல முடியாது. பக்கத்தில் ஒரு மனிதரை நிறுத்தியதும் விடை கிடைத்துவிடுகிறது. நமக்கு அளவு பழகிய ஒரு பொருளை வைத்துத்தான், பழகாத பொருளின் அளவைக் கண் கணிக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலின் துவாரபாலகர் சிலையைச் செதுக்கியவருக்கு இது தெரிந்திருந்தது. துவாரபாலகரின் காலடியில் ஒரு பாம்பு, அதன் வாயில் ஒரு யானை. யானையின் அளவு நமக்குத் தெரியும். அதை விழுங்கும் பாம்பு எவ்வளவு பெரியது, அந்தப் பாம்பைக் காலடியில் வைத்திருக்கும் காவலர் எவ்வளவு பெரியவர் என்று மனம் படிப்படியாக ஏறிப் போகிறது.

வீட்டுப் படத்தில் அந்த யானையின் வேலையைச் செய்பவை மூன்று: கதவு, கார், மனிதர். இவற்றை அழகுக்காக வைத்திருப்பதாக நாம் நினைக்கிறோம். அவைதான் அந்தப் படத்தின் அளவுகோல். இவற்றில் ஒன்று பிசகினாலும் வீட்டின் அளவே நம் மனத்தில் மாறிவிடும்.

கண்மட்டக் கோடு

தெருவில் நின்று பார்ப்பது போன்ற படங்களுக்கு வரைகலைஞர்கள் கணினிக்குள் இருக்கும் கேமராவைத் தரையிலிருந்து சுமார் ஐந்தடி உயரத்தில் வைப்பார்கள். நிற்கும் மனிதரின் கண் ஏறத்தாழ அந்த உயரத்தில்தான் இருக்கும். கேமராவைச் சாய்க்காமல் நேராக வைத்து, தரையும் சமமாக இருந்தால், படத்துக்குள் ஓர் எளிய விதி தானாக அமைந்துவிடும். தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில் இருக்கும் எதுவாக இருந்தாலும், அது அருகில் இருந்தாலும் தொலைவில் இருந்தாலும், படத்தில் ஒரே கிடைக்கோட்டில்தான் விழும். அதுதான் கண்மட்டக் கோடு.

இந்த விதிக்கு வயது அதிகம். இத்தாலியின் லியோன் பத்திஸ்தா ஆல்பெர்த்தி 1435-ல் ஓவியத்தைப் பற்றி எழுதிய நூலில் இதைக் குறிப்பிடுகிறார். கோயிலுக்குள் நடமாடும் மனிதர்களின் தலைகள் எல்லாம் ஒரே மட்டத்தில் தெரியும். தொலைவில் இருப்பவர்களின் பாதங்கள் மட்டும், அருகில் இருப்பவர்களின் முழங்கால் அளவுக்கு உயர்ந்து தெரியும் என்பது அவருடைய கவனிப்பு. திருமண மண்டபத்தில் நின்று பார்த்தால் நாமும் இதைக் காணலாம். கூட்டம் எவ்வளவு தூரம் நீண்டாலும் தலைகள் ஒரே வரிசையில் இருக்கும், கால்கள்தான் மேலேறிக்கொண்டே போகும்.

இதிலிருந்து ஒரு கணக்கு கிடைக்கிறது. தரையில் நிற்கும் ஒரு பொருளின் அடியிலிருந்து கண்மட்டக் கோடு வரை உள்ள தூரம், அந்த இடத்தில் எப்போதும் ஐந்தடி. காகிதத்தில் அது 20 மில்லிமீட்டராக இருந்தால் அங்கே ஓர் அடிக்கு 4 மில்லிமீட்டர். அந்த இடத்தில் நிற்கும் ஐந்தரையடி மனிதர் 22 மில்லிமீட்டர் உயரம் இருக்க வேண்டும். அவரே கேமராவை நோக்கி நடந்து வந்து, பாதத்துக்கும் கோட்டுக்கும் இடையே 30 மில்லிமீட்டர் உள்ள இடத்தில் நின்றால், அவர் உயரம் 33 மில்லிமீட்டர். பாதம் எங்கே இருக்கிறது என்பது தூரத்தைச் சொல்கிறது. தூரம் உயரத்தை முடிவு செய்கிறது. வரைபவரின் விருப்பத்துக்கு இதில் இடம் இல்லை.

அச்சிட்ட படத்தில் கோட்டைக் கண்டுபிடிப்பதும் எளிது. பக்கவாட்டுச் சுவரில் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரின் மேல்விளிம்பு சாய்ந்து இறங்கும். அதே சுவரின் அடிவிளிம்பு சாய்ந்து ஏறும். ஸ்கேலை வைத்து இரண்டையும் நீட்டினால் அவை சந்திக்கும் புள்ளி கண்மட்டக் கோட்டில் இருக்கும். காம்பவுண்ட் சுவர் ஐந்தடி உயரம் என்றால் இன்னும் சுலபம். கேமராவும் ஐந்தடியில் இருந்தால், அந்தச் சுவரின் மேல்விளிம்பு எந்தப் பக்கம் போனாலும் சாயாமல் மட்டமாகவே தெரியும்.

கைப்பிடி காட்டிக்கொடுக்கும்

மூன்று சாட்சிகளில் நம்பகமானது கதவு. மனிதரில் நெட்டையும் குட்டையும் உண்டு, காரில் பல வகை உண்டு. ஆனால் நம் ஊர் வீடுகளில் வாசற்கதவு பெரும்பாலும் ஏழடி உயரம், மூன்றடி அல்லது மூன்றரையடி அகலம். லிண்டல் மட்டம் ஏழடியில் ஓடுவதால் ஜன்னல்களின் மேல்விளிம்பும் அதே வரிசையில் வந்துவிடும். ஒரு தளத்தின் மொத்த உயரம் பத்தடிக்கு அருகில் இருக்கும் என்பதால், தளத்தில் பத்தில் ஏழு பங்கு கதவு என்ற விகிதம் நம் கண்ணில் ஊறிப்போயிருக்கிறது.

கணினியில் கதவு பெரும்பாலும் தயாராகக் கிடைக்கும் மாதிரிதான். முகப்பு கம்பீரமாக இருக்கட்டும் என்று அதை அப்படியே இழுத்துப் பெரிதாக்குவது வழக்கம். ஏழடிக் கதவைப் பத்தடிக்கு இழுத்தால் கதவோடு கைப்பிடியும் மேலேறும். ஏழடிக் கதவில் கைப்பிடி மூன்று முதல் மூன்றரையடி உயரத்தில், அதாவது பாதிக்குச் சற்றுக் கீழே இருக்கும். இழுத்த பிறகும் அது பாதிக்குச் சற்றுக் கீழேயே இருக்கிறது. பார்ப்பவர் கண் அதை வழக்கமான ஏழடிக் கதவு என்றே எடுத்துக்கொள்ளும். விளைவு தலைகீழாகிவிடும். கதவு பெரிதாகத் தெரிவதற்குப் பதிலாக, அதைச் சுற்றியுள்ள வீடு சுருங்கித் தெரியும்.

உண்மையான பத்தடிக் கதவில் கைப்பிடி மூன்றடி சொச்சத்திலேயே நிற்கும், ஏனென்றால் திறப்பவர் கை வளரவில்லை. கைக்கும் காலுக்கும் பொருந்த வேண்டிய எதுவும் கட்டடத்தோடு சேர்ந்து பெரிதாவதில்லை. படி ஆறு அங்குலம், பால்கனிக் கைப்பிடி மூன்று அல்லது மூன்றரையடி, அழைப்பு மணி நான்கடிக்குச் சற்று மேல். வாசலில் மூன்றே படி ஏறி நான்கடி உயரத் திண்ணையை அடைவதாகப் படம் காட்டினால் யாரோ எதையோ இழுத்திருக்கிறார்கள் என்று பொருள்.

சுருக்கிய கார்

காரில் நடக்கும் பிழை வேறு வகை. ஐந்தடி கேமராவுக்கு மாருதி ஸ்விஃப்ட் போன்ற ஒரு கார் நல்ல துணை. அதன் உயரம் சுமார் 1.52 மீட்டர், அதாவது கிட்டத்தட்டச் சரியாக ஐந்தடி. எனவே தரையில் எங்கே நிறுத்தினாலும் அதன் கூரை கண்மட்டக் கோட்டைத் தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும். இன்னோவா கிறிஸ்டா ஏறத்தாழ ஆறடி உயரம். அதன் கூரை கோட்டுக்கு மேலே ஓர் அடி துருத்தும். கூரை கோட்டுக்கு வெகு கீழே கிடக்கிறது என்றால் கார் சிறியதாக்கப்பட்டிருக்கிறது.

இப்படி நேர்வதற்குக் காரணங்கள் சாதாரணமானவை. இணையத்தில் கிடைக்கும் கார் மாதிரிகள் ஒவ்வொன்றும் ஒவ்வோர் அலகில் செய்யப்பட்டவை. மில்லிமீட்டரில் செய்ததை அங்குலமாகத் திறந்தால் கார் மலைபோல வந்து நிற்கும். அதை எல்லோரும் உடனே கவனித்துவிடுவார்கள். கவனித்த பிறகு என்ன செய்கிறார்கள் என்பதில்தான் பிரச்சினை. எண்ணைத் தட்டிச் சரிசெய்யாமல், மூலையைப் பிடித்து இழுத்து, போர்டிகோவுக்குள் ‘பார்க்க நன்றாக’ அடங்கும் வரை சுருக்கிவிடுகிறார்கள். இருபத்தைந்து மடங்குப் பிழை போய், ஐந்தில் ஒரு பங்குப் பிழை தங்கிவிடுகிறது. இரண்டாவதுதான் ஆபத்து, ஏனென்றால் அது கண்ணில் படாது.

சரியான வழிக்கு அரை நிமிடம் போதும். ஸ்கெட்ச்அப் மென்பொருளில் என்றால், கார் மாதிரியைத் திறந்து, டேப் மெஷர் கருவியால் முன்சக்கர மையத்திலிருந்து பின்சக்கர மையம் வரை அளக்க வேண்டும். அந்தக் காரின் உண்மையான அளவைத் தட்டினால், மாதிரியை அதற்கேற்ப மாற்றட்டுமா என்று மென்பொருளே கேட்கும். ஸ்விஃப்டுக்கு அது 2450 மில்லிமீட்டர். நீளத்தை விடச் சக்கர இடைவெளியை நம்புவது நல்லது. பம்பர் எங்கே முடிகிறது என்ற குழப்பம் அதில் இல்லை.

எந்தக் காரை வைப்பது என்பதும் கவனிக்க வேண்டியது. இலவச மாதிரிகளில் வெளிநாட்டுப் பெரிய செடான்களும் பிக்கப் வண்டிகளும் நிறைய. ஐந்து மீட்டர் நீளச் செடான் ஒன்றைச் சரியான அளவிலேயே வைத்தாலும், நம் தெருக்களில் நான்கு மீட்டருக்கு உட்பட்ட கார்களையே அதிகம் பார்த்துப் பழகிய கண், அதையும் அந்த நீளமாகவே நினைத்துக்கொள்ளும். வீடு சற்றுச் சிறிதாகத் தெரியும். வீட்டுக்காரரிடம் உள்ள காரையோ, தெருவில் அடிக்கடி பார்க்கும் ஒரு காரையோ வைப்பதுதான் நேர்மையான அளவுகோல்.

மனிதர் எங்கே நிற்கிறார்?

மனித உருவங்களைப் பெரும்பாலும் கடைசியில், படம் தயாரான பிறகு, புகைப்படத்திலிருந்து வெட்டி ஒட்டுவார்கள். அதனால் பிழைகள் இங்கேதான் அதிகம். ‘எல்லோர் தலையும் கண்மட்டக் கோட்டில்’ என்ற விதியை அரைகுறையாகக் கற்றவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. தெருவில் நிற்பவருக்கு விதி பொருந்தும். ஆனால் வீட்டின் பேஸ்மென்ட் இரண்டடி உயர்ந்திருக்கிறது, சிட்அவுட்டில் நிற்பவர் அந்த இரண்டடிக்கு மேலே இருக்கிறார். அவருடைய பாதத்திலிருந்து கண்மட்டக் கோடு வரை மூன்றடிதான். கோடு அவர் இடுப்பருகே செல்ல வேண்டும். தலையைக் கோட்டில் வைத்து ஒட்டினால் அவர் மூன்றடி மனிதராகிவிடுவார். பக்கத்துக் கதவு அவர் உயரத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் நிற்கும். அரண்மனை வாசல் போலத் தெரியும் சில சிறு வீடுகளின் ரகசியம் இதுதான்.

குழந்தை உருவத்திலும் ஒரு சிக்கல் உண்டு. வளர்ந்தவரின் உயரம் அவர் தலையைப் போல ஏழு, ஏழரை மடங்கு. ஐந்து வயதுக் குழந்தைக்கு ஆறு மடங்குக்குள்தான். குழந்தைப் படத்தை இழுத்துப் பெரியவர் அளவுக்கு நிறுத்தினால் தலை பெருத்த ஒரு விசித்திர மனிதர் கிடைப்பார். ஏன் என்று சொல்லத் தெரியாவிட்டாலும் படம் பொய்யாக இருப்பது பார்ப்பவருக்குத் தெரியும். காலடியில் நிழல் இல்லாமல் ஒட்டினாலும் இதே கதைதான். உருவம் தரையைத் தொடுகிறதா, மிதக்கிறதா என்று தெரியாததால் தூரம் தெரியாது. தூரம் தெரியாவிட்டால் உயரமும் தெரியாது.

ஒரு படத்தை அளந்து பார்ப்போம்

முப்பதுக்கு நாற்பது மனையில் தரைத்தளமும் மாடியும் கொண்ட ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். பேஸ்மென்ட் இரண்டடி, இரண்டு தளங்கள் இருபதடி, கைப்பிடிச் சுவர் மூன்றடி. மொத்தம் 25 அடி உயரம். முன்பக்க அகலம் 24 அடி, அதில் கார் நிறுத்தும் போர்டிகோ 10 அடி. அச்சிட்ட படத்தில் முன்சுவரின் உயரம் 100 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அந்தச் சுவரின் தளத்தில் ஓர் அடிக்கு 4 மில்லிமீட்டர். கண்மட்டக் கோடு சுவரடியிலிருந்து 20 மில்லிமீட்டரில் ஓட வேண்டும். முன்சுவரை ஒட்டிய கதவு 28, சுவரோரம் தரையில் நிற்கும் மனிதர் 22, போர்டிகோ வாயிலில் நிற்கும் சிறிய கார் 20 மில்லிமீட்டர் உயரம் இருக்க வேண்டும்.

கையில் உள்ள படத்தை அளந்தால் கதவு சரியாக 28 மில்லிமீட்டர். ஆனால் மனிதர் 18, கார் 16. அதாவது மனிதர் நான்கரையடி, காரின் உயரம் நான்கடி. ஆனாலும் படத்தைப் பார்க்கும் வீட்டுக்காரர் அவரை நான்கரையடி மனிதராகக் காண்பதில்லை. வழக்கமான மனிதர் என்றே எடுத்துக்கொண்டு, மீதி எல்லாவற்றையும் அந்த விகிதத்தில் பெரிதாக்கிப் பார்க்கிறார். 25 அடி வீடு அவர் மனத்தில் முப்பதடிக்கு மேல் எழும்புகிறது. 24 அடி முகப்பு 29 அடியாக விரிகிறது.

இழப்பு போர்டிகோவில் தெரியும். உண்மையான காரின் அகலம் 5 அடி 8 அங்குலம். பத்தடிப் போர்டிகோவில் அது நின்றால் மீதி 4 அடி 4 அங்குலம். கார்க் கதவைத் திறந்து இறங்கவே இரண்டரை, மூன்றடி போய்விடும். ஸ்கூட்டரை நிறுத்தினால் கார்க் கதவைத் திறக்க முடியாது. படத்திலோ கார் ஐந்தில் நான்கு பங்காகச் சுருங்கி நிற்கிறது. அதன் பக்கத்தில் உள்ள காலி இடம், நிஜக் காரின் அளவோடு ஒப்பிட்டால், கிட்டத்தட்ட ஏழடி போலத் தெரியும். இரண்டு ஸ்கூட்டர், ஓரத்தில் ஒரு செருப்பு அலமாரி, நாலு பூந்தொட்டி எல்லாவற்றையும் அங்கே மனத்துக்குள் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்காரர் சரி என்கிறார். தூண் எழும்பிய பிறகு அந்த இடத்தை விரிக்க வழியில்லை.

இதில் யாரும் ஏமாற்ற நினைத்திருக்கத் தேவையில்லை. உருவங்களைச் சற்றுச் சிறிதாக்கினால் வீடு எடுப்பாகத் தெரிகிறது. வரைபவரின் கண்ணுக்கும் அது பிடித்துப்போகிறது. விற்பனைக்காகச் செய்யும் அடுக்குமாடி விளம்பரப் படங்களில் இந்த ஆசை இன்னும் வலுவாக இருக்கும். எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு. உருவங்கள் அழகாகத் தெரியட்டும் என்று ஐந்தில் ஒரு பங்கு பெரிதாக்கினால் அதே 25 அடி வீடு 21 அடியாகக் குறுகி, பொம்மை வீடு போலாகிவிடும்.

அளவு சரியானாலும்

எல்லா அளவும் சரியாக இருந்தும் படம் தவறான எண்ணத்தைத் தரலாம். நம் உதாரணத்தில் கேமரா முன்சுவரிலிருந்து 45 அடி தள்ளி இருந்தால், கேமராவிலிருந்து 15 அடி தூரத்தில் நிற்கும் கார், சுவரோரம் நிற்கும் காரைப் போல மூன்று மடங்கு பெரிதாகத் தெரியும். 28 மில்லிமீட்டர் கதவுக்கு முன்னால் 60 மில்லிமீட்டர் கார். விதிப்படி இது சரிதான், ஆனால் அளவுகோலாகப் பயன்படாது. வீட்டின் அளவைச் சொல்ல வேண்டிய காரும் மனிதரும் வாசற்கதவு இருக்கும் ஆழத்திலேயே, அதன் அருகில் நிற்க வேண்டும். கேமராவுக்கு அருகில் நிற்பவை படத்துக்கு ஆழம் தரலாம். அளக்கும் வேலையை அவற்றிடம் விடக் கூடாது.

அந்த 45 அடியிலும் ஒரு விஷயம் இருக்கிறது. வீட்டுக்கு முன் ஐந்தடி காலியிடம், பிறகு இருபதடித் தெரு. மொத்தம் 25 அடிதான். கேமரா எதிர்வீட்டுக்குள் 20 அடி புகுந்து நிற்கிறது. மென்பொருள் எதிர்வீட்டை மறைத்துவிட்டது. தெருவில் நிற்கும் யாராலும் அந்த வீட்டை அப்படிப் பார்க்க முடியாது. கழுத்தைத் தூக்கித்தான் மாடியைப் பார்க்க வேண்டியிருக்கும்.

மேலே சொன்ன அளவு முறைக்கும் எல்லை உண்டு. சரிவான தெருவில் ஒவ்வொருவர் காலடியும் வெவ்வேறு மட்டத்தில் இருப்பதால் தலைகள் கோட்டில் சேராது. கேமராவை அண்ணாந்து சாய்த்து எடுத்த படங்களில் சுவர்கள் உள்நோக்கிச் சாயும், மில்லிமீட்டர் கணக்கு துல்லியமாக வராது. உயரத்திலிருந்து பார்க்கும் பறவைப் பார்வைப் படத்தில், எதிரே நின்று எடுத்த மனிதப் படங்களை ஒட்டவே கூடாது. முப்பரிமாண உருவங்கள்தான் பொருந்தும்.

எனவே எலிவேஷன் படம் வந்ததும் நிறத்தைப் பேசுவதற்கு முன் ஸ்கேலை எடுத்துக் கதவையும், அதன் பக்கத்தில் நிற்பவரையும் அளந்து பாருங்கள். ஒரே மட்டத்தில் நின்றால் மனிதர் கதவில் ஐந்தில் நான்கு பங்கு வர வேண்டும். வரவில்லை என்றால் பொறியாளரிடம் இரண்டு கோரிக்கை வையுங்கள்: உங்கள் சொந்தக் காரின் நீள அகலத்தைக் கொடுத்து அதே அளவில் போர்டிகோவில் நிறுத்தச் சொல்லுங்கள், அந்தக் காரின் கதவைத் திறந்த நிலையில் ஒரு படம் கேளுங்கள். போர்டிகோ பத்தடி போதுமா, ஹாலில் இரண்டடி எடுத்துப் பன்னிரண்டாக்க வேண்டுமா என்று தூண் குறிக்கும் முன்பே முடிவு செய்துவிடலாம்.